வெள்ளவத்தையில் அச்சுக்கட்டையோடு இரண்டு நாள்

யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ் வெள்ளவத்தையில் இறக்கிவிட்டபோது விடிந்துகொண்டிருந்தது. தோழியின் அக்கா வீடு காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில். ஒரு சோடி தலையணை உறைக்கு நானே மரக்கட்டையால் அச்சிடவேண்டும் என்று வந்திருந்தேன். முன்னறை மேசையில் அக்கா கம்பளி விரித்து, அதன்மேல் பழைய பருத்திச் சேலையை இழுத்துக் கட்டி வைத்திருந்தா. அடியில் அந்த மெத்தை இல்லாவிட்டால் கட்டை முழுதாகப் பதியாது, நடுவில் வெளிறிப் போகும்.

துணியை முதல்நாளே சோடாவும் சவர்க்காரமும் போட்டு அவித்துக் கஞ்சி போக்கியிருந்தா. கஞ்சி இருந்தால் சாயம் அதன்மேல்தான் ஒட்டும், துவைக்கும்போது கஞ்சியோடு கழன்றுவிடும்.

கட்டைகள் இரண்டு, இரண்டுமே பத்து சென்ரிமீற்றர் சதுரம். ஒன்று பூவின் வெளிக்கோடு, மற்றது இதழுக்குள் நிறம். கோட்டுக்கட்டையைப் பிடித்து முதல் வரிசையில் ஐந்து அச்சு வைத்தேன். ஒவ்வொன்றும் முந்தியதோடு ஒட்டித்தான் இருந்தது. ஆனால் எட்டிநின்று பார்த்தால் வரிசை ஒரு பக்கம் மேலேறியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஒன்றரை மில்லிமீற்றர் ஏறியிருக்கும். ஐந்தாவது பூ ஆறு மில்லிமீற்றர் மேலே நின்றது! பக்கத்துப் பூவை மட்டும் பார்த்து வைத்தால் பிழை இப்படித்தான் சேர்ந்துகொண்டு போகும்.

"வெட்டின விளிம்பை நம்பாத பிள்ளை, நூலை இழு" என்றா அக்கா. உறைக்கான வேறொரு துணியில் குறுக்கு நூல் ஒன்றை உருவிக் காட்டினா. உருவிய இடத்தில் நேரான மெல்லிய தடம் விழுந்தது. அதை அளவாக வைத்து, பத்து சென்ரிமீற்றருக்கு ஒரு கோடாகச் சோக்கட்டியால் கீறினோம். பிறகு பூவைப் பார்க்காமல் கோட்டைப் பார்த்தே வைத்தேன், ஏழு வரிசையும் நேராக வந்தன.

நிறக்கட்டைக்கு இன்னொரு வழி. கோட்டுக்கட்டையின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு சின்னப் புள்ளிகள் செதுக்கியிருந்தது. நிறக்கட்டையிலும் அதே இடத்தில் அதே புள்ளிகள். ஒரு புள்ளியை மட்டும் பொருத்தினால் கட்டை அதைச் சுற்றித் திரும்பிவிடும், மறுமூலையில் சிவப்பு கோட்டைத் தாண்டி நிற்கும். இரண்டும் பொருந்தின பிறகுதான் மேலே கையை ஓங்கித் தட்டவேண்டும். கோடு காயாமல் நிறம் வைக்கவும் கூடாது.

சாயக்கலவை 200 கிராம் வெள்ளைப் பசையில் 10 கிராம் நிறம். கரண்டியால் தூக்கினால் நாடாபோல விழுந்து, விழுந்த தடம் கொஞ்சநேரம் அழியாமல் நிற்கவேண்டும், கட்டித்தயிர் மாதிரி. கடற்காற்று ஈரமானதுதானே, பசை காயாது என்று நினைத்து மின்விசிறியைப் போட்டது என் பிழை. அரை மணியில் தட்டில் விரித்த துணியின்மேல் பசை தடித்து, இதழின் ஓரம் திட்டுத்திட்டாக வெளிறியது. தண்ணீர் சேர்த்தேன், கூடிவிட்டது. மெல்லிய கோடுகளின் இடைவெளி அடைத்துக்கொண்டது. அக்கா இளகினதைத் தூரவைத்துவிட்டுப் புதிதாகக் கலந்து, விசிறியை நிற்பாட்டினா. வேர்வையோடு முடித்தோம். பத்துப் பன்னிரண்டு அச்சுக்கு ஒருமுறை பழைய பல்துலக்கியால் கட்டையைத் தேய்த்தா. இந்தப் பசை செதுக்கலுக்குள் காய்ந்துவிட்டால் தண்ணீருக்குப் போகாது. ஆனால் கட்டையை ஊறப்போடவும் கூடாது, மரம் ஊதிவிடும்.

அடுத்த நாள்தான் முக்கியமான வேலை. இந்த நிறம் நூலுக்குள் ஊறுவதில்லை. பசை சூட்டில் இறுகி, நிறத்தை நூலோடு பிடித்துவைக்கிறது. அதற்கு ஏறக்குறைய 150 பாகை செல்சியஸ் சூடு ஒவ்வொரு இடத்திலும் மூன்று, நான்கு நிமிடம் நிற்கவேண்டும். கொழும்பு வெயில் எவ்வளவு சுட்டாலும் அது வராது.

நான் அயனை முழு உறைமேலும் ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டுப் போதும் என்றேன். அக்கா கணக்குச் சொன்னா. உறை 50க்கு 70, அதாவது 3500 சதுர சென்ரிமீற்றர். அயனின் அடி ஏறக்குறைய 200. அப்படியென்றால் பதினேழு, பதினெட்டு இடம். இடத்துக்கு மூன்று நிமிடம் என்றால் ஒரு மணித்தியாலம் வேண்டும். நான் கொடுத்தது இடத்துக்கு இருபது விநாடியும் இல்லை.

நம்பிக்கை வர, அதே சாயம் பதித்த இரண்டு துண்டுத் துணிகளை எடுத்தோம். ஒன்றுக்கு இருபது விநாடி, மற்றதுக்கு மூன்று நிமிடம், ஆவியில்லாமல், துணியின் பின்பக்கமாக. ஆறினதும் ஈரமான வெள்ளைத் துணியால் இரண்டையும் பத்துத் தரம் தேய்த்தேன். முதலாவதில் சிவப்பு அப்பிக்கொண்டு வந்தது. இரண்டாவதில் துணி வெள்ளையாகவே இருந்தது.

மதியம் முழுக்க அயனோடு நின்றேன், துணி கருகாமல் அயனை இரண்டு விநாடிக்கு ஒருமுறை சற்றே அசைத்தபடி. மற்ற உறையை யாழ்ப்பாணத்தில் வந்து சூடாக்குகிறேன் என்று மடித்து எடுத்துக்கொண்டேன். ஒரு கிழமை கழியாமல் தண்ணீரில் போடவேண்டாம் என்று பஸ் ஏறும்போதும் அக்கா சொன்னா.