12 கிராமங்கள், 5 சுற்றுகள், இரண்டு முறை திரும்பி வந்த அறிக்கை

எங்கள் ஆய்வறிக்கை ஒருவழியாகப் போன வாரம் ஏற்கப்பட்டது. அதற்கு முன் இரண்டு முறை திரும்பி வந்தது. களப்பணி முடிந்து, தரவு சுத்தமாகக் கையில் இருந்தும், பகுப்பாய்வில் நான் விட்ட தவறுகளால் மாதக்கணக்கில் போய்விட்டது. எல்லாக் கிராமங்களும் குலுக்கல் வரிசைப்படி கட்டம் கட்டமாகப் புதிய முறைக்கு மாறும் ஸ்டெப்டு-வெட்ஜ் ஆய்வில் முதன்முறை இறங்குபவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

ஆய்வு எளிமையானதுதான். கிராமத்துப் பொதுக் கிணற்றருகே குளோரின் பெட்டி வைத்தால் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறைகிறதா என்பது கேள்வி. முதல் தடங்கல் நெறிமுறைக் குழுவிலேயே வந்தது. "யாருக்குப் பெட்டி என்று வீடு வீடாகக் குலுக்காமல் ஏன் முழுக் கிராமமாகக் குலுக்குகிறீர்கள்?" என்று கேட்டுக் கோப்பைத் திருப்பிவிட்டார்கள். படிவத்தில் "நிர்வாக வசதிக்காக" என்று எழுதியிருந்தேன். அப்படி மட்டும் எழுதாதீர்கள். வசதிக்காக மக்களின் தேர்வைப் பறிக்கிறோம் என்றுதான் அது படும்.

உண்மையான காரணங்கள் இரண்டு. பெட்டி கிணற்றருகே இருக்கும்போது ஒரு வீடு பயன்படுத்தலாம், அடுத்த வீடு கூடாது என்று சொல்லவே முடியாது. வீட்டுக்கு வீடு குளோரின் புட்டி கொடுத்தாலும் சிக்கல் தீராது. பாதி வீடுகளில் நோய் குறைந்தால் தெருவில் கிருமி குறையும். குளோரின் கிடைக்காத பக்கத்து வீட்டுக் குழந்தையும் அதனால் தப்பும். அப்போது இரு பிரிவுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கி, வேலை செய்யும் முறையே வேலை செய்யாததுபோலத் தெரியும். இந்தப் பரவும் பலனையும் சேர்த்து அளக்க வேண்டுமானால் குலுக்கலின் அலகு கிராமமாகத்தான் இருக்க முடியும். இதை விளக்கி எழுதியதும் கோப்பு நகர்ந்தது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஒரே கிராமத்துக் குழந்தைகள் ஒரே தண்ணீரையும் ஒரே வெள்ளத்தையும் பகிர்பவர்கள். அதனால் ஐம்பதாவது குழந்தை புதிதாகச் சொல்லும் தகவல் குறைவு. இதற்கான திருத்தக் காரணி 1 + (m − 1)ρ; m என்பது கிராமத்துக்கு எத்தனை குழந்தைகள் என்பது, ρ என்பது அவர்கள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்று சொல்லும் உள்தொடர்பு. கிராமத்துக்கு 50 குழந்தைகள், உள்தொடர்பு 0.05 என்று வைத்தால் 1 + 49 × 0.05 = 3.45. பாதிக் கிராமங்களுக்குப் பெட்டி, பாதிக்கு இல்லை என்ற சாதாரண ஆய்வில், 12 கிராமங்களின் 600 குழந்தைகள் ஏறக்குறைய 174 தனித்தனிக் குழந்தைகளுக்குத்தான் சமம்.

பெட்டிகளைத் தருபவர்கள் எல்லாக் கிராமங்களுக்கும் தந்தே தீருவோம் என்றார்கள். ஆனால் ஒரே நாளில் வைக்க ஆள் இல்லை. அதனால் ஸ்டெப்டு-வெட்ஜ். காம்பியாவில் 1980களில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைப் பகுதி பகுதியாகக் கொண்டுபோனதும் இந்த வடிவில்தான். எங்கள் ஆய்வில் முதல் சுற்றில் எந்தக் கிராமத்துக்கும் பெட்டி இல்லை. அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் குலுக்கல் வரிசைப்படி மும்மூன்று கிராமங்கள் மாறின. ஐந்தாவது சுற்றில் 12 கிராமங்களிலும் பெட்டி. ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகக் குழந்தைகளைத் தேர்ந்து கணக்கெடுத்தோம். இது சிக்கலில்லாமல் நடந்தது.

தவறு என் மேசையில் நடந்தது. ஒரு கிராமத்தின் ஒரு சுற்றை ஒரு கிராமச் சுற்று என்று எண்ணினால், பெட்டி இருந்தவை 30, இல்லாதவை 30. இரண்டின் சராசரியையும் ஒப்பிட்டுப் பெரிய பலன் என்று எழுதிவிட்டேன். "காலம் எங்கே?" என்று ஒற்றை வரியில் திருப்பினார் பரிசீலகர். முதலில் கோபம்தான் வந்தது, குலுக்கல்தான் நடந்ததே! பிறகு உருண்டை எண்களை வைத்துக் கையால் ஒரு கணக்குப் போட்டபோது புரிந்தது.

பெட்டியே இல்லாவிட்டாலும் பருவம் மாறுவதால் நோய் சுற்றுக்குச் சுற்று 20, 18, 16, 14, 12 சதவீதம் என்று குறைவதாக வையுங்கள். பெட்டியின் உண்மையான பலன் 2 புள்ளிகள் மட்டும். பெட்டி இல்லாத 30 இடங்களின் சராசரி 18 வரும், ஏனென்றால் அவற்றில் பெரும்பாலானவை ஆரம்பச் சுற்றுகள். பெட்டி இருக்கும் 30 இடங்களின் சராசரி 12, ஏனென்றால் அவற்றில் பெரும்பாலானவை கடைசிச் சுற்றுகள். வித்தியாசம் 6! உண்மைப் பலன் 2 தான். மீதி 4 பருவம் கொடுத்தது. பெட்டி முழுக்கப் பயனற்றதாக இருந்தாலும் அந்த 4 வந்திருக்கும். நோய் ஏறும் பருவமாக இருந்தால், நல்ல முறையே தீங்கு செய்வதுபோலவும் காட்டியிருக்கும்.

குலுக்கல் நடந்தது எந்தக் கிராமம் முன்னால், எது பின்னால் என்பதற்கு மட்டுமே. பெட்டி எப்போதும் பிற்காலத்தோடு ஒட்டியே வருகிறது; அதைக் குலுக்கல் பிரிக்காது. அதனால் ஒரே சுற்றுக்குள் ஒப்பிட வேண்டும்: இரண்டாம் சுற்றில் பெட்டி இல்லாத 9 கிராமங்களில் 18, பெட்டி உள்ள 3 கிராமங்களில் 16, வித்தியாசம் சரியாக 2. கடைசிச் சுற்றில் எல்லாருக்கும் பெட்டி இருப்பதால் அங்கே நேரடி ஒப்பீடே கிடையாது.

சுற்றைச் சேர்த்து மறுபடி அனுப்பினேன். மறுபடியும் திரும்பியது. இம்முறை நம்பக இடைவெளி மிகக் குறுகலாக இருக்கிறது என்றார்கள். 3000 குழந்தைகளையும் வரிசையாக வைத்து, கிராமத்துக்குக் கிராமம் உள்ள வேறுபாட்டுக்காக ஒரே ஒரு சமவாய்ப்பு விளைவு மட்டும் கொடுத்திருந்தேன். ஒரே கிராமத்தில் ஒரே சுற்றில் அளந்த இரு குழந்தைகள், வேறு வேறு சுற்றில் அளந்தவர்களைவிட அதிகம் ஒத்திருப்பார்கள் என்பதை அது பார்க்கவில்லை. கடைசியில் ஒவ்வொரு கிராமச் சுற்றையும் ஒரு விகிதமாகச் சுருக்கி, 60 வரிகளில் வேலையை முடித்தேன். கிராமங்களில் எண்ணிக்கை ஏறக்குறைய சமமாக இருந்ததால் இது போதுமானதாயிற்று:

```r
library(lmerTest)
m <- lmer(prop ~ factor(period) + trt + (1 | village), data = d)
summary(m, ddf = "Kenward-Roger")
```

கிராமங்கள் 12 தான் என்பதால் கடைசி வரியில் உள்ள அந்தத் திருத்தம் அவசியம். இல்லாவிட்டால் p-மதிப்பு நம்மை ஏமாற்றும்.

இன்னொரு எச்சரிக்கை. ஒரு கிராமத்துக்கு வெள்ளத்தால் பெட்டி ஒரு சுற்று தாமதமாகப் போனது. பெட்டி உண்டா இல்லையா என்று குறிக்கும் `trt` நெடுவரிசையில் நான் உண்மையில் வைத்த தேதியைப் போட்டிருந்தேன். அது நேர்மை என்று நினைத்தேன். ஆனால் அதே வெள்ளம்தான் அந்தச் சுற்றில் வயிற்றுப்போக்கையும் ஏற்றியது. அந்த மோசமான சுற்று "பெட்டி இல்லாத" கணக்கில் விழுந்ததும் பெட்டியின் பலன் உண்மையில் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. முதன்மைப் பகுப்பாய்வில் குலுக்கல் சொன்ன அட்டவணையையே வையுங்கள். உண்மைத் தேதியைத் துணைப் பகுப்பாய்வாகத் தனியே காட்டலாம்.

மூன்றாவது முறை அனுப்பும் முன் நானாகவே ஒன்றைச் சரிபார்த்தேன். மேலே உள்ள மாதிரி, பெட்டி வைத்த உடனே முழுப் பலனும் வந்து அப்படியே நிற்கும் என்று எடுத்துக்கொள்கிறது. மக்கள் பழகப் பழகப் பலன் கூடினால் அந்த ஒற்றை எண் உண்மையான சராசரியிலிருந்து வெகுதூரம் விலகலாம். பெட்டி வைத்து எத்தனை சுற்று ஆயிற்று என்பதை `factor(exposure)` என்று `trt`-க்குப் பதிலாகப் போட்டு ஓட்டினேன். மதிப்பீடுகளில் ஏறுமுகம் எதுவும் தெரியவில்லை, ஆனால் இடைவெளிகள் விரிந்தன. இரண்டு அட்டவணைகளையும் சேர்த்தே அனுப்பினேன். முதல் அறிக்கையில் காட்டிய பலனில் பெரும்பகுதி இப்போது இல்லை. பெட்டி கொடுத்தவர்களிடம் அதை நேரில் போய்ச் சொன்னோம்.