களர் மண் ‘சலைன்’ ஆன கதை: தமிழ் வழித் திட்ட அறிக்கையை ஆங்கிலத்துக்கு மாற்றிய அனுபவம்

மாவட்ட அளவில் தேர்வான எங்கள் பள்ளி மாணவிகளின் அறிவியல் திட்டம், வெறும் ஆங்கிலச் சொற்களால் அடுத்த கட்டத்தில் வெளியே போயிருக்கும். கடைசி நேரத்தில் தப்பித்தது. அதே வேலையில் இறங்கும் வழிகாட்டி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

திருச்சிப் பக்கம் களர் நிலம் நிறைய. மாணவிகள் இருவரும் தங்கள் ஊர் வயல் மண்ணையே எடுத்துக்கொண்டார்கள். தொட்டிக்கு 5 கிலோ மண். ஒன்றில் மண் மட்டும், ஒன்றில் 10 கிராம் ஜிப்சம் கலந்தது, மற்றொன்றில் ஜிப்சத்தோடு பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டுத் தழையும் சேர்த்தது. ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, அது மேலேயிருந்து மறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்தார்கள். சோதனை எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தது. தமிழ் அறிக்கையும் அருமையாக வந்திருந்தது.

அடுத்த கட்டத்துக்கு ஆங்கில வடிவம் வேண்டும் என்ற தகவலே தாமதமாகத்தான் வந்தது. அலுவலகத்தில் கேட்டால், “வெளியில ஒரு டைப்பிங் சென்டர் இருக்கு சார், எல்லா ஸ்கூலும் அங்கதான் குடுக்கறாங்க, காலையில குடுத்தா சாயங்காலம் ரெடி” என்றார் எழுத்தர். தவணை நெருங்கியிருந்தது. கொடுத்தோம். சாயங்காலம் கோப்பு நேராக அலுவலகத்துக்கே போய்விட்டது. எங்களுக்கு ஒரு நகல்கூட தரவில்லை.

முன்பார்வைக்கு வந்திருந்த மண்ணியல் பேராசிரியர் மாணவியிடம் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு வியர்த்துவிட்டது. “ஏம்மா, சலைன் சாயில்னு போட்டிருக்கீங்க. நல்ல தண்ணி விட்டு அலசி வடிச்சாலே உப்பு போயிடுமே, இதுக்கு எதுக்கு ஜிப்சம்?”

அந்தப் பெண் தயங்கவே இல்லை. “சார், எங்க ஊர் மண்ணு உவர் இல்ல சார், களர். வடிக்கலாம்னா தண்ணியே கீழ இறங்காது.”

பேராசிரியர் கோப்பை மூடிவிட்டு, தமிழ் அறிக்கையைக் கொண்டுவரச் சொன்னார். அதைப் படித்தவர் சொன்னது இதுதான்: தமிழில் இருப்பது ஒரு திட்டம், ஆங்கிலத்தில் இருப்பது வேறு திட்டம்.

அவர் சொன்னது மிகையில்லை. உவர் மண்ணில் கரையும் உப்பு அதிகம், மின் கடத்துத்திறன் 4 டெசி சைமன்/மீட்டருக்கு மேல் போகும். வடிகால் வசதி இருந்தால் நல்ல நீரால் அலசியே சரிசெய்யலாம். களர் மண்ணின் நோய் வேறு. அங்கே களிமண் துகள்களில் சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கும், கார அமில நிலை 8.5-க்கு மேல் இருக்கும். சோடியம் துகள்களைப் பிரித்துவிடுவதால் மண்ணின் துளைகள் அடைபட்டு, மழை பெய்தால் தண்ணீர் கலங்கலாக மேலேயே நிற்கும். ஜிப்சத்திலுள்ள கால்சியம் அந்தச் சோடியத்தை வெளியேற்றி அதன் இடத்தில் அமர்ந்தால்தான் தண்ணீர் இறங்கும். ஆங்கிலத்தில் இதற்குச் சோடிக் சாயில் என்று பெயர். பழைய நூல்களில் அல்கலி சாயில் என்றும் இருக்கும். தட்டச்சு மையத்தில் கேட்டபோது, “ரெண்டுமே உப்பு மண்ணுதானே சார்” என்றார்கள். எங்கள் திட்டத்தின் மொத்தக் காரணமும் அந்த ஒரு சொல்லில்தான் நின்றது.

அலுவலகத்தில் அடுத்த சண்டை. “ஒருமுறை வாங்கியதைத் திருப்பித் தர விதி இல்லை” என்று எழுத்தர் பிடிவாதமாக நின்றார். பேராசிரியர் திருத்தம் தேவை என்று கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் கோப்பு கைக்கு வந்தது. ஆகவே யாராவது வாய்மொழியாக ‘மாத்திக் குடுங்க’ என்றால் நம்பிப் போகாதீர்கள், எழுதி வாங்குங்கள்.

கோப்பைத் திறந்தால் பிழை ஒன்றோடு நிற்கவில்லை. மண் ஆய்வு அறிக்கையில் மின் கடத்துத்திறன் பழைய அலகில் 0.6 மி.மோ/செ.மீ. என்று இருந்தது. அதை மில்லிமோல் ஆக்கியிருந்தார்கள். மில்லிமோல் பொருளின் அளவைச் சொல்வது. கடத்துத்திறனுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. 1 மில்லிமோ/செ.மீ. என்பதும் 1 டெசி சைமன்/மீட்டர் என்பதும் ஒன்றே என்பதால் எண்ணை மாற்றாமல் `0.6 dS/m` என்று எழுதினோம். இந்தச் சிறிய எண்ணே மண் உவர் இல்லை என்பதற்குச் சாட்சி. அலகு கெட்டதும் சாட்சியும் போய்விட்டிருந்தது.

தண்ணீர் ஊடுருவும் நேரம் ‘பெனெட்ரேஷன்’ ஆகியிருந்தது, அது இன்ஃபில்ட்ரேஷன். ஜிப்சம் கலக்காத தொட்டியை மாணவிகள் ‘ஒப்பீட்டுத் தொட்டி’ என்று எழுதியிருந்தார்கள். அதை ‘கம்பேரிசன் பாட்’ என்று போட்டிருந்தார்கள். கண்ட்ரோல் என்ற சொல் அறிக்கையில் எங்குமே இல்லை என்றால், மதிப்பிடுபவர் கட்டுப்பாட்டுச் சோதனையே செய்யவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். செய்த வேலைக்கு மதிப்பெண் போவது எவ்வளவு கொடுமை!

இந்த முறை மையத்துக்குப் போகவில்லை. மாணவிகளும் நானும் உட்கார்ந்து, முதலில் சொற்பட்டியல் மட்டும் போட்டோம். தமிழ் வழி அறிவியல் பாடநூலையும் ஆங்கில வழிப் பாடநூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். பாடம், படம், வரிசை எல்லாம் ஒன்றே என்பதால், நிறைக்கு மாஸ், எடைக்கு வெயிட், செறிவுக்கு கான்சென்ட்ரேஷன், அடர்த்திக்கு டென்சிட்டி என்று அகராதியைத் தொடாமலே எடுக்க முடிந்தது. ‘10 கிராம் எடை’ என்று தமிழில் இருந்த இடங்களில் ஆங்கிலத்தில் மாஸ் என்றே போட்டோம், கிராம் நிறைக்கான அலகு. களர், உவர், பசுந்தாள் உரம் போன்றவை பள்ளிப் பாடநூலில் போதிய அளவு இல்லை. அவற்றை வேளாண் பல்கலைக்கழக இணையதளத்தின் தமிழ்ப் பக்கத்தையும் ஆங்கிலப் பக்கத்தையும் ஒப்பிட்டு எடுத்தோம். தக்கைப்பூண்டுக்கு டெய்ஞ்சா என்ற பெயரோடு தாவரவியல் பெயரையும் சேர்த்துவிடுங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும் செடிகளுக்கு அதுதான் பாதுகாப்பு.

பட்டியல் முடிந்த பிறகே வாக்கியங்களைத் தொட்டோம். ஒரு தமிழ்ச் சொல்லுக்கு ஒரே ஆங்கிலச் சொல்தான், அறிக்கை முழுவதும். முதல் பக்கத்தில் சோடிக், நான்காம் பக்கத்தில் அல்கலி என்று வந்தால் இரண்டு மண் என்று படிப்பவர் நினைப்பார். மாற்றி முடித்ததும் ஒரு மாணவி ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் வாய்விட்டுச் சொல்ல, மற்றவள் மூல அறிக்கையில் விரல் வைத்துச் சரிபார்த்தாள். ‘நீர் நின்ற நேரம்’ என்று இருக்க வேண்டிய ஓர் அட்டவணைத் தலைப்பு ‘நீர் வடிந்த அளவு’ ஆகியிருந்தது அப்போதுதான் பிடிபட்டது. எண்கள் நிமிடத்தில், தலைப்பு மில்லிலிட்டரில்!

இன்னொன்று. தமிழ் அறிக்கை பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்தால், பின்னிணைப்பாகச் சேர்க்கும்போது வேறு கணினியில் கிறுக்கல்களாகத் திறக்கும். யுனிகோடுக்கு மாற்றி, பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். ஒரு நகலைக் கட்டாயம் உங்கள் கையில் வைத்திருங்கள்.

திருத்திய கோப்பைத் தவணை முடியும் நாளில் கொடுத்து, முத்திரையோடு ரசீதும் வாங்கிவிட்டோம். நேர்காணலில் மீண்டும் அதே கேள்வி வந்ததாம், ஜிப்சம் எதற்கு என்று. “பிகாஸ் இட் இஸ் சோடிக், சார்” என்று தொடங்கி, மீதியைத் தமிழிலேயே சொல்லி முடித்திருக்கிறாள்.