கடுகளவு ஈடிடிஏ: அப்பாவுக்குப் பொட்டாசியம் 6.9 வந்த கதை

அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் சனிக்கிழமை என்று முடிவாகியிருந்தது. அதற்கான ரத்தப் பரிசோதனைக்கு வியாழன் காலை வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுத்துப் போனார். சாயங்காலம் ஆறு மணிக்கு ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. பொட்டாசியம் 6.9. பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ஆபத்தான அளவு என்று போட்டிருந்தது.

ஆபரேஷன் செய்யவிருந்த டாக்டருக்குப் போன் செய்தேன். "உடனே கேஷுவாலிட்டிக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. பொட்டாசியம் நிஜமாகவே அந்த அளவில் இருந்தால் இதயம் எந்த நேரத்திலும் தாளம் தப்பலாம். அப்பா பிரஷருக்குச் சாப்பிடும் டெல்மிசார்டானும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய மாத்திரைதான். ஆனால் அவரோ தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். "எனக்கு என்னம்மா, நல்லாத்தானே இருக்கேன்" என்றவரைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம்.

நான் 11 வருஷமாக லேப் டெக்னீஷியன். ஆட்டோவில் போகும்போதுதான் ரிப்போர்ட்டை முழுசாகப் படித்தேன். கிரியேட்டினின் 0.9, அதாவது சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. கால்சியம் 5.8. ஆல்கலைன் பாஸ்படேஸ், சுருக்கமாக ஏ.எல்.பி., 24. அந்த மூன்றாவது எண்ணைப் பார்த்ததும் சந்தேகம் உறுதியாகிவிட்டது. பொட்டாசியம் ஏறி, கால்சியமும் ஆல்கலைன் பாஸ்படேஸும் ஒரே சாம்பிளில் சேர்ந்து இறங்கியிருந்தால் முதலில் நினைக்க வேண்டியது ஊதா மூடி டியூபைத்தான்.

ஊதா டியூபில் இருப்பது பொட்டாசியம் ஈடிடிஏ. ரத்தம் உறையக் கால்சியம் வேண்டும். அந்தக் கால்சியத்தை ஈடிடிஏ பிடித்து வைத்துக்கொள்வதால்தான் அந்த டியூபில் ரத்தம் உறைவதில்லை. அதே மருந்து, பொட்டாசியமும் கால்சியமும் பார்க்க எடுக்கும் மஞ்சள் மூடி சீரம் டியூபுக்குள் போய்விட்டால் அங்கேயும் அதே வேலையைத்தான் செய்யும். கால்சியத்தைப் பிடித்து எண்ணைக் குறைக்கும். ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி வேலை செய்யத் துத்தநாகமும் மக்னீசியமும் வேண்டும், அவற்றையும் பிடித்துக்கொள்ளும். தன்னோடு வந்த பொட்டாசியத்தை சீரத்தில் சேர்த்துவிடும். திரவமாக ஈடிடிஏ ஊற்றிய டியூப் என்றால் ஐந்து மைக்ரோலிட்டர், அதாவது ஒரு கடுகளவுத் துளி, மூன்று மில்லி ரத்தத்தில் கலந்தாலே போதும். பொட்டாசியம் இரண்டு மூன்று புள்ளி ஏறிவிடும்.

கேஷுவாலிட்டியில் ஈசிஜி எடுத்தார்கள், மாற்றம் எதுவும் இல்லை. ஈசிஜி சரியாக இருப்பதை மட்டும் வைத்துப் பொட்டாசியம் ஏறவில்லை என்று சொல்லிவிட முடியாது, அதனால் டியூட்டி டாக்டர் இன்சுலினும் குளுக்கோஸும் தயார் செய்யச் சொல்லிவிட்டார். எனக்குக் கை நடுங்கியது. பொட்டாசியம் சரியாக இருக்கும் மனிதருக்கு இன்சுலின் ஏற்றினால் சர்க்கரையும் விழும், பொட்டாசியமும் விழும். போனை நீட்டி, "சார், கால்சியத்தையும் ஏ.எல்.பி.யையும் ஒரு தடவை பாருங்க. கால்சியம் 5.8ன்னா கை விரல் இழுத்திருக்கணும், வாய் மரத்திருக்கணும். அப்பாவுக்கு ஒண்ணுமே இல்லை" என்றேன். அவர் பார்த்தார். மானிட்டரை மாட்டிவிட்டு, புதிதாக ரத்தம் எடுத்து அவசரமாக அனுப்பினார். நாற்பது நிமிஷம் கழித்து பொட்டாசியம் 4.3, கால்சியம் 9.2 என்று வந்தது. அந்த டாக்டருக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவள்.

அதோடு முடியவில்லை. இரண்டு ரிப்போர்ட் முரண்படுவதால் மயக்க மருந்து டாக்டர் ஆபரேஷனைத் தள்ளி வைத்தார். வெள்ளிக்கிழமை லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி அந்த லேப் கிளைக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "மெஷின் கொடுக்கிற ரிசல்ட்தான் மேடம், வேணும்னா திரும்ப ஓட்டிப் பார்க்கச் சொல்றேன்" என்றார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். அதே டியூபைத் திரும்ப ஓட்டி 6.8 என்று காட்டி, "பார்த்தீங்களா, எங்க ரிப்போர்ட் சரிதான்" என்று சொல்லிவிட்டார்.

கெட்டுப்போன சாம்பிளை நூறு முறை ஓட்டினாலும் அதே எண்தான் வரும். தப்பு மெஷினில் இல்லை, டியூபுக்குள் இருக்கிறது. திரும்பச் செய்வதென்றால் புது ரத்தம் எடுக்க வேண்டும். "ரத்த அணு உடைஞ்சிருக்கலாம் மேடம்" என்றும் ஒரு சமாதானம் சொன்னார். அணு உடைந்தால் பொட்டாசியம் ஏறும், சீரம் சிவக்கும், ஆனால் கால்சியம் பாதியாகாது. ரத்தத்தைப் பிரிக்காமல் நெடுநேரம் வைத்தாலும் அப்படித்தான், பொட்டாசியம் ஏறும், கால்சியம் இப்படி விழாது. இதைச் சொன்ன பிறகுதான் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, மறுபடி இலவசமாக எடுத்துத் தருகிறோம் என்றார்.

திங்கட்கிழமை, வியாழனன்று ரத்தம் எடுத்த அதே தம்பிதான் வந்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். பத்து மில்லி சிரிஞ்சில் அழகாக எடுத்தார், அப்பாவுக்கு வலிக்கவே இல்லை. பிறகு டியூப்களின் மூடியைக் கழற்றி, முதலில் ஊதாவை எடுத்து, நுரை வராமல் இருக்க ஊசி முனையை அடிவரை இறக்கினார். அந்த அடியில்தான் ஈடிடிஏ துளி நிற்கும். அதே ஊசிதான் அடுத்து மஞ்சளுக்குள் போகும்.

"தம்பி, நில்லுங்க. மஞ்சளை முதல்ல போடுங்க."

"ஊதாவுல லேட்டாப் போட்டா கட்டி விழுந்துடும்க்கா, அதான் முதல்ல போட்டுடுவேன்."

அவர் சொன்னது சோம்பேறித்தனம் இல்லை. சிரிஞ்சுக்குள் உறையாமல் காக்கும் மருந்து எதுவும் கிடையாது, தாமதித்தால் உள்ளேயே உறையும். கட்டி விழுந்த ஊதா சாம்பிளுக்காகத் திட்டு வாங்கிய எல்லோரும் இந்தப் பழக்கத்துக்குத்தான் வருவார்கள். ஆனால் அதற்கு வழி வேகம்தான், வரிசையை மாற்றுவது இல்லை. ஊசியைக் கழற்றிவிட்டு, சிரிஞ்சின் வாய் டியூப் சுவரைத் தொடாமல், முதலில் நீலம், அடுத்து சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை இருந்தால் அது, பிறகு ஊதா, கடைசியில் சாம்பல் நிறம் என்று ஊற்றினால் எல்லாம் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். சீரம் டியூபில் உறைவதைத் தூண்டும் பொருள் இருப்பதால் நீலம் அதற்கு முன்னால் வருகிறது. சாம்பலில் பெரும்பாலும் ஃபுளோரைடோடு பொட்டாசியம் ஆக்சலேட்டும் இருக்கும், அதனால் அது கடைசி. ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பாட்டில் இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால்.

வேக்குவம் டியூபும் ஹோல்டரும் வைத்து ஒழுங்காக எடுத்தால் வரிசை மாறினாலும் கலப்பது அபூர்வம். மூடியைத் திறந்து சிரிஞ்சால் ஊற்றும் இடத்தில்தான் கவலை. அங்கே ஊதாவில் அதிகமான ரத்தத்தை மஞ்சளில் சாய்த்துவிடுவதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்கு வரிசை சரியாக இருந்தும் பயனில்லை.

என்னை இன்னும் உறுத்துவது வேறு. அப்பாவின் எண்கள் பயங்கரமாக இருந்ததால் மாட்டிக்கொண்டன. அந்தத் துளி இன்னும் சின்னதாக இருந்திருந்தால் பொட்டாசியம் அரைப் புள்ளி மட்டும் ஏறியிருக்கும், கால்சியம் சற்றே குறைந்து நார்மலுக்குள்ளேயே நின்றிருக்கும். வாந்தி பேதியில் பொட்டாசியம் 3.0 ஆகிவிட்ட ஒருவருக்கு அது 3.5 என்று காட்டினால், நார்மல் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எந்த ரிப்போர்ட்டிலும் அது சிவப்பு எழுத்தில் வராது.

திங்கள் சாயங்காலம் பொட்டாசியம் 4.4, கால்சியம் 9.1, ஆல்கலைன் பாஸ்படேஸ் 78. வியாழக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்த வாரம் சர்க்கரை பார்க்க வந்தபோது தம்பி தன் பெட்டியைத் திறந்து காட்டினார். டியூப்களை நீலத்தில் தொடங்கி வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்.

லேபின் இணையப் பக்கத்தில் அப்பா பெயரில் அந்த 6.9 மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. திருத்தச் சொல்லி மூன்று மெயில் போட்டாகிவிட்டது.