307-இலிருந்து 112-க்கு: ஒரு அறை மாற்றச் செய்தி எழுதிய அனுபவம்

மதுரையில் பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தூரத்தில் உள்ள ஒரு நடுத்தர ஓட்டலில் ஃப்ரன்ட் ஆபீஸ் சூப்பர்வைசராக இருக்கிறேன். ரிசப்ஷனில் இருக்கும் பிள்ளைகள் விருந்தினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் அறை மாற்றச் செய்திகளை, அனுப்புவதற்கு முன் திருத்தி எழுதுவது இப்போது என் வேலையில் ஒரு பகுதி. அது என்னிடம் வந்து சேர்ந்த கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஓர் இரவு 11 மணிக்குச் சென்னையிலிருந்து ஒருவர் போன் செய்தார். குரல் நடுங்கியது. "எங்க அப்பா அம்மாவை ஏங்க வெளிய அனுப்புறீங்க? இந்த நேரத்துல அவங்க எங்க போவாங்க?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருடைய பெற்றோர் இரண்டாவது மாடியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். விசாரித்தால், ரிசப்ஷன் தம்பி கொஞ்ச நேரத்துக்கு முன் இப்படி ஒரு செய்தி அனுப்பியிருக்கிறான்: "சார் மெயின்டனன்ஸ் ஒர்க் இருக்கு. நாளைக்கு 9 மணிக்குள்ள ரூம் காலி பண்ணிடுங்க. சாரி." புக்கிங்கில் மகனின் எண்தான் இருந்தது. அதனால் செய்தி அறையில் இருப்பவர்களுக்குப் போகாமல் மகனுக்குப் போய்விட்டது.

தம்பி மரியாதை தெரியாதவன் இல்லை. பக்கத்து அறையைத் தயார் செய்து வைத்திருந்தான். பெட்டியை எடுத்துவர ஆளும் சொல்லியிருந்தான். அவன் மனதில் அதெல்லாம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் எழுதவே தோன்றவில்லை. மாற்று அறை உண்டு என்ற செய்தியே அந்தச் செய்தியில் இல்லை.

மறுநாள் மேனேஜர், இனி அறை மாற்றச் செய்தி எதுவானாலும் என் கண்ணில் பட்ட பிறகுதான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

முதலில் நான் சொற்களைத்தான் திருத்தினேன். "காலி" என்ற சொல்லை எடுத்தேன். வாடகை வீட்டில் இருந்த யாருக்கும் அந்தச் சொல் வீட்டுக்காரர் குரலில்தான் கேட்கும். "வெக்கேட்" என்று எழுதினாலும் அதே கதைதான். "மாறவும்", "ஒப்படைக்கவும்" என்று 'வும்' போட்டு முடிக்கும் வாக்கியங்களையும் விட்டேன். அது சுவரில் ஒட்டும் அறிவிப்பின் மொழி, ஒருவரைப் பார்த்துப் பேசும் மொழி இல்லை. பிறகு, மரியாதை கூடட்டும் என்று நினைத்து எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டேன். "தாங்கள் தங்கியிருக்கும் அறை தவிர்க்க இயலாத காரணங்களால் மாற்றப்படவுள்ளது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று ஒன்று எழுதி அனுப்பினேன். விருந்தினர் கீழே இறங்கிவந்து, "இதுக்கு என்னம்மா அர்த்தம், நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டார். "மாற்றப்படவுள்ளது" என்றால் யார் மாற்றுகிறார்கள்? "தவிர்க்க இயலாத காரணம்" என்றால் எது? சொல்லாமல் விட்டதெல்லாம் சந்தேகமாகத்தான் போய்ச் சேர்ந்தது.

இன்னொரு தவறும் செய்தேன். பணிவாக இருக்கட்டும் என்று ஒரு குடும்பத்துக்கு, "வேறு அறைக்கு மாற விருப்பமா?" என்று அனுப்பினேன். "வேண்டாங்க, இங்கேயே வசதியா இருக்கு" என்று பதில் வந்தது. அவர்கள் குளியலறையின் குழாயை உடைக்க ஆட்கள் கீழே காத்திருந்தார்கள். வேறு வழியில்லை என்னும்போது கேள்வியாகக் கேட்கக் கூடாது. நேரம், பெட்டி தூக்குவது போன்று உண்மையிலேயே அவர்கள் தீர்மானிக்கக்கூடியதை மட்டும் கேட்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகு சித்திரைத் திருவிழா வந்தது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் எங்கள் ஓட்டலில் ஓர் அறைகூட மிஞ்சாது. அன்று காலை 9.20-க்கு ரிசப்ஷன் தம்பி எனக்குக் காட்டிய வரைவு இது: "சார் 307 ஏசி லீக். உங்க ரூம் 112-க்கு சேஞ்ச். 11 மணிக்குள்ள ஷிஃப்ட் பண்ணிடுங்க. பாய் வருவான். சாரி ஃபார் தி இன்கன்வீனியன்ஸ்."

307-இல் அறுபதைத் தாண்டிய ஒரு தம்பதியும் அந்த அம்மாவின் தங்கையும் இருந்தார்கள். இன்னும் இரண்டு இரவு பாக்கி. மூவரும் விடியுமுன்பே ஆற்றங்கரைக்குப் போயிருந்தார்கள். புக் செய்தது பெங்களூரில் இருக்கும் மகள்.

"காலி" இல்லை, "வெக்கேட்" இல்லை. தம்பி அவ்வளவு கற்றுக்கொண்டிருந்தான். ஆனாலும் நான் அந்த மூன்று பேராக இருந்து படித்துப் பார்த்தால், எனக்குத் தெரியவேண்டியது ஒன்றும் அதில் இல்லை. 112 எப்படிப்பட்ட அறை? 11 மணிக்கு நாங்கள் கூட்டத்திலிருந்து திரும்பவில்லையென்றால் எங்கள் சாமான் என்ன ஆகும்? பணம் கூடுமா, குறையுமா? தம்பியிடம் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு போனை எடுத்தேன்.

முதல் போன் ஹவுஸ்கீப்பிங்குக்கு. 112-இல் இருந்தவர்கள் 9.15-க்குத்தான் கிளம்பியிருந்தார்கள். அன்று கிளம்பும் அறைகள் நிறைய. சுத்தம் செய்து, சரிபார்த்து, கையில் தர 12.30 ஆகும் என்றார்கள். 11 மணி என்று தம்பி எழுதியது அவனுடைய நல்லெண்ணம் மட்டுமே. முன்பு ஒருமுறை, உள்ளே ஆள் இருக்கும்போதே அறை எண்ணைச் சொல்லி அனுப்பிவிட்டதால், ஒரு குடும்பம் பெட்டியோடு வராந்தாவில் முக்கால் மணி நேரம் நின்றது. அதிலிருந்து, பழைய விருந்தினர் சாவியைக் கொடுத்த பிறகுதான் புது எண்ணை எழுதவேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

அடுத்து மெயின்டனன்ஸ். ஏசியிலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டு, கட்டிலை ஒட்டிய சுவரில் வழிகிறது. கழற்றிச் சுத்தம் செய்து, சுவர் காய இரவாகிவிடும். ஆனால் ஏசியை அணைத்து வைத்தால் சொட்டுவது நின்றுவிடும், மதியம்வரை ஃபேன் போட்டு உட்கார்ந்திருக்கலாம் என்றார் எலக்ட்ரீஷியன். இந்த ஒரு தகவலால் செய்தியின் முகமே மாறியது. அவசரப்படுத்த வேண்டிய தேவை இல்லை.

கடைசியாக அக்கவுண்ட்ஸ். 112 சிறிய அறை, இரவுக்கு 600 ரூபாய் குறைவு. இரண்டு இரவுக்கு 1,200 ரூபாயும் அதற்கான வரியும் பில்லில் குறையும். சொல்லாமல் விட்டால், பில் பார்க்கும்போது அவர்களாகக் கேட்டு வாங்கவேண்டியதாகிவிடும். மூன்று பேருக்கு ஒரு கூடுதல் மெத்தை போடவும் சொல்லி வைத்தேன்.

சாமான் விஷயத்தில் மட்டும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. விருந்தினர் இல்லாத நேரத்தில் பெட்டிகளை மாற்றுவதை எங்கள் தொழிலில் 'டெட் மூவ்' என்பார்கள். அவர்கள் சம்மதம் எழுத்தில் இருக்கவேண்டும், இரண்டு பேர் சேர்ந்து போகவேண்டும். அப்படியிருந்தும் ஏதாவது விட்டுப்போகும். கட்டிலுக்குப் பின்னால் சார்ஜர், குளியலறைக் கம்பியில் துணி, சின்ன ஃப்ரிட்ஜில் இன்சுலின். வயதானவர்கள் என்றால் முதலில் ஃப்ரிட்ஜைத்தான் நினைத்துக்கொள்வேன். ஆகவே, அவர்கள் வரும்வரை எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். வாட்ஸ்அப்பில் செய்தியைத் திறக்காமல் பார்த்தால் முதல் சில சொற்கள்தான் தெரியும். கூட்டத்துக்கு நடுவே அந்தச் சில சொற்களைப் படிப்பவருக்குப் பதற்றம் வரக்கூடாது. அந்த அம்மாவின் எண் ரிஜிஸ்ட்ரேஷன் கார்டில் இருந்தது. அந்த எண்ணுக்கு அனுப்பியது இது:

"வணக்கம் அம்மா. அவசரம் ஒன்றுமில்லை, தரிசனம் முடித்து நிதானமாக வாருங்கள். உங்கள் 307-ஆம் அறை ஏசியிலிருந்து சுவரில் தண்ணீர் கசிகிறது. சரிசெய்ய இரவாகும் என்பதால் உங்கள் மூவருக்கும் முதல் மாடியில் 112-ஆம் அறையைத் தயார் செய்கிறோம். மதியம் 12.30-க்கு அது தயாராகிவிடும். முன்பே வந்துவிட்டால் 307-லேயே இருக்கலாம். ஃபேன் ஓடும், ஏசி மட்டும் போட முடியாது.

112 உங்கள் அறையைவிடச் சிறியது, ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது. மூன்றாவது படுக்கை போட்டிருக்கிறோம். வாடகை வித்தியாசம் இரண்டு இரவுக்கு 1,200 ரூபாயையும் அதற்கான வரியையும் உங்கள் பில்லில் குறைத்துவிடுகிறோம்.

உங்கள் சாமான்களை நாங்கள் தொடவில்லை. வந்ததும் ரிசப்ஷனில் சொல்லுங்கள், பெட்டிகளைத் தூக்கிவர ஆள் அனுப்புகிறோம். திருவிழா நாளில் உங்களை இப்படி அலைக்கழிப்பதற்கு மன்னியுங்கள்."

மன்னிப்பைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. என்ன நடந்தது என்று தெரிவதற்கு முன் மன்னிப்பைப் படித்தால் மனம் கெட்டதைத்தான் நினைக்கும். "சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்ற அச்சுவார்த்தையையும் தவிர்த்தேன். சாலையில் பள்ளம் தோண்டிய இடத்திலும் அதேதான் எழுதியிருக்கிறது. மகளுக்குத் தனியாக இரண்டு வரி அனுப்பினேன்: பெற்றோர் நலம், ஏசி பழுதால் ஓட்டலுக்குள்ளேயே வேறு அறை, விவரம் அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறோம். அவருக்கு அறை எண் தேவையில்லை, அதனால் எழுதவில்லை.

மூவரும் 10.40-க்கு வந்தார்கள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. அந்த அம்மா மோர் கேட்டார், வேறொன்றும் கேட்கவில்லை. 307-இல் கொஞ்சம் படுத்து எழுந்து, தாங்களே பெட்டியைக் கட்டினார்கள். 112-இன் சாவிக் கார்டைக் கொடுக்கும்போது 307-இன் கார்டை உடனே வாங்காமல் ஒரு மணி நேரம் வைத்திருக்கச் சொன்னேன். அம்மாவின் தங்கை திரும்பிப் போய், கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த பிரசாதப் பையை எடுத்துவந்தார்.

ஆனால் ஒன்றை விட்டுவிட்டேன். ஒரு மணி வாக்கில் ஐயா ரிசப்ஷனுக்கு வந்தார். கோபமில்லை, தயக்கத்தோடுதான் சொன்னார்: "ஏம்மா, அந்த ரூம் பாத்ரூம்ல ஒரு படி இருக்கு. எனக்கு முட்டி மடங்காது." அது எனக்குத் தெரியும். அந்த வரிசை அறைகள் எல்லாவற்றிலும் குளியலறை அரை அடி உயரத்தில் இருக்கிறது. பணத்தைப் பற்றி, ஜன்னலைப் பற்றி எல்லாம் எழுதிய நான், விழுந்தால் எலும்பு முறியக்கூடிய இடத்தைப் பற்றி எழுதவில்லை. இரவு 307 தயாரானதும் அவர்கள் விரும்பினால் திரும்பிவிடலாம் என்றேன். அதுவரை தாழ்வான ஒரு மரப்பலகையைப் படிக்கு முன்னால் போட்டு, பிடித்துக்கொள்ள ஒரு நாற்காலியும் வைத்தோம். சுவர் காய்ந்து 8 மணிக்கு 307-க்கே போனார்கள். வாடகையை அந்த ஒரு நாளுக்கும் 112-இன் கணக்கிலேயே போடச் சொன்னேன்.

ரிசப்ஷன் போனுக்குப் பக்கத்தில், செய்தி எழுதும் முன் கேட்கவேண்டியவற்றை ஒரு அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறோம்: அறை எப்போது கையில் கிடைக்கும், பழுது எவ்வளவு நேரம், வாடகை வித்தியாசம், சாமான், யாருடைய எண். அன்றிரவு தம்பி அதன் அடியில் தன் கையெழுத்தில் இன்னொன்றைச் சேர்த்தான்: "பாத்ரூம்ல படி இருக்கா?"