மார்ச்சில் விழாமல் இருக்க: வேலையோடு அஞ்சல்வழி எம்.காம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் பாளையங்கோட்டைக்குக் கணக்கு வேலைக்குப் போகிற ஒருவர் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் எம்.காம். சேர்கிறார் என்று வையுங்கள். பாடம் கடினமாக இருக்கிறது என்று பாதியில் விடுகிறவர்கள் குறைவு. பலரை விழவைப்பது மார்ச் மாதம்தான். ஆபீஸில் வருஷக் கணக்கு முடிக்கிற நேரமும், அசைன்மென்ட் எழுதி முடிக்க வேண்டிய நேரமும் ஒன்றாக வந்து நிற்கும்.

முதலில் மணிக்கணக்கைப் பார்த்துவிட வேண்டும். இக்னோவில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. 4 கிரெடிட் தாளுக்கு 120 மணி. நான்கு தாளையும் ஜூன் தேர்வில் எழுத நினைத்தால் 480 மணி. ஜனவரி தொடங்கி மே வரை சுமார் 20 வாரம்; வாரத்துக்கு 24 மணி வரும். ஆறு நாள் வேலைக்காரருக்கு அது நடக்காது. இரண்டு தாள் என்றால் 240 மணி, சமாளிக்கலாம். மீதி இரண்டை டிசம்பருக்குத் தள்ளலாம். படிப்பை முடிக்கக் குறைந்தபட்சக் காலத்துக்கு மேலும் அவகாசம் தருகிறார்களே, அது இதற்குத்தான்.

விடியற்காலை 5 முதல் 6.30 வரை ஆறு நாள், ஞாயிறு 5 மணி நேரம். வாரத்துக்கு மொத்தம் 14 மணி. ஜனவரி, பிப்ரவரியின் 8 வாரத்தில் 112 மணி சேரும். மார்ச்சில் வாரத்துக்கு 5 மணிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள், அது 20. ஏப்ரல், மே மறுபடியும் 112. கூட்டினால் 244. ராத்திரிப் படிப்பை இதில் சேர்க்கவே இல்லை. நெல்லை வண்ணாரப்பேட்டையில் பஸ் ஏறி, நின்றுகொண்டே வீடு வந்தவர் சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் ஒரே பக்கத்தை மூன்று தரம் படிப்பார், அவ்வளவுதான்.

அசைன்மென்ட் இரண்டும் பிப்ரவரி கடைசிக்குள் கையெழுத்தில் முடிந்திருக்க வேண்டும். மதிப்பெண்ணில் 30 சதவீதம் அதற்கு, 70 தேர்வுக்கு. தேர்வில் எவ்வளவு எடுத்தாலும் அசைன்மென்ட் கொடுக்காத தாள் முடிந்ததாகாது. எழுதுமுன் கேள்வித்தாளின் முதல் பக்கத்தில் எந்த வருஷம், எந்தப் பருவம் என்று பாருங்கள். கூட வேலை பார்க்கிறவர் போன வருஷத் தாளை அனுப்பி, அதை வைத்து முப்பது பக்கம் எழுதினால் அத்தனையும் வீண். கொடுப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள், ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். மார்க் ஏறாமல் போனால் காட்ட வேறு ஆதாரம் இருக்காது.

கையால் எழுதுவதில் இன்னொரு லாபமும் உண்டு. நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் டாலி கணக்கைத் தட்டுகிற விரலுக்கு மூன்று மணி நேரம் பேனா பிடிக்கிற பழக்கம் விட்டுப்போயிருக்கும். கடைசிக் கேள்விக்கு வரும்போது கை கடுத்துவிடும். மே மாதம் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பழைய வினாத்தாளை நேரம் வைத்து முழுசாக எழுதினால் அது சரியாகும்.

தேர்வு அட்டவணை வந்த அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்துவிடுங்கள். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் ஜூன், ஜூலையில் வரும். அதை ஒட்டி லீவு கேட்க ஆபீஸில் பாதிப் பேர் வரிசையில் நிற்பார்கள்.