உலகம் அநாதியா? 15-க்கு 4 வாங்கிய கேள்வி

இஸ்லாமியத் தத்துவத் தாளில், உலகம் அநாதி, அதாவது தொடக்கமே இல்லாதது என்ற தத்துவவாதிகளின் வாதத்தை இறையியலாளர் கஸ்ஸாலி எப்படி மறுத்தார் என்ற கேள்விக்கு முதல் தடவை எனக்குக் கிடைத்தது 4 மதிப்பெண். "இறைவன் நினைத்தபோது படைப்பான், கஸ்ஸாலி இப்படித்தான் மறுத்தார்" என்பதையே இரண்டு பக்கத்துக்கு இழுத்திருந்தேன். திருத்தியவர் ஓரத்தில் "எதை மறுத்தார்?" என்று மட்டும் எழுதியிருந்தார். நியாயம்தான்.

அதனால் முதலில், கஸ்ஸாலி மறுத்த தத்துவவாதியான இப்னு சீனாவின் பக்கத்தை எழுதுங்கள். அவர் இறைவனை மறுக்கவில்லை, பலர் சறுக்குவது இங்கேதான். சூரியன் இருக்கும்போதே வெளிச்சமும் இருக்கிறது, ஆனாலும் வெளிச்சத்துக்குக் காரணம் சூரியன்தானே? அதுபோல உலகம் இறைவனைச் சார்ந்தே இருக்கிறது, ஆனால் தொடங்கிய நாள் என்று ஒன்று அதற்கு இல்லை.

அடுத்து வாதம். உலகம் ஒரு கட்டத்தில் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன் ஏன் தொடங்கவில்லை? இறைவனிடம் புதிதாக ஒரு விருப்பம் வந்தது என்றால், அந்த விருப்பம் ஏன் அப்போது வந்தது என்று அதே கேள்வி திரும்ப வரும். எதுவுமே புதிதாக வரவில்லை என்றால், முன்பு இல்லாத உலகம் இப்போதும் இருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் அடைப்பு.

1095-இல் முடித்த 'தஹாஃபுத் அல்-ஃபலாஸிஃபா' என்ற நூலில் கஸ்ஸாலி பிடிக்கும் இடம் "புதிதாக ஒரு விருப்பம்" என்பதுதான். புதிதாக எதற்கு வர வேண்டும்? விருப்பம் அநாதியானது, ஆனால் உலகம் இன்ன கட்டத்தில் தொடங்கட்டும் என்பதே அந்த விருப்பம் என்கிறார்.

சரி, எல்லாக் கணங்களும் ஒன்றுபோல இருக்கும்போது எதை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது? இதற்குத்தான் பேரீச்சம்பழ உதாரணம். பசித்தவன் முன்னால் எல்லா வகையிலும் ஒரே மாதிரியான இரண்டு பழங்கள், ஒன்றைத்தான் எடுக்க முடியும். வித்தியாசம் தெரியவில்லை என்று பட்டினி கிடப்பானா? ஒன்றை எடுத்துவிடுவான். ஒத்தவற்றில் ஒன்றைப் பிரித்தெடுப்பதே விருப்பத்தின் வேலை.

அப்புறம் கஸ்ஸாலி தத்துவவாதிகளின் வானவியலையே அவர்கள் பக்கம் திருப்புகிறார். வானக் கோளம் உருண்டை, அதன் எல்லாப் புள்ளிகளும் சமம் என்கிறீர்களே, பிறகு ஏன் குறிப்பிட்ட இரண்டு புள்ளிகள் மட்டும் அது சுழலும் அச்சின் முனைகளான துருவங்கள் ஆயின? நான் இதை விட்டுவிட்டேன். உதாரணத்தை விட இதுதான் கனமானது, ஏனென்றால் காரணமில்லாத் தேர்வை அவர்களும் ஏற்றாக வேண்டியிருக்கிறது.

நேரம் இருந்தால், தத்துவவாதிகள் தரப்பில் நின்று கஸ்ஸாலிக்கு மறுப்பு எழுதிய இப்னு ருஷ்துவின் பதிலையும் நான்கு வரியில் சேருங்கள். பசித்தவன் ஒரு பழத்தை விட்டு இன்னொன்றைத் தேர்வதில்லை, சாப்பிடாமல் இருப்பதை விட்டுச் சாப்பிடுவதைத் தேர்கிறான், எந்தப் பழம் கைக்கு வந்தாலும் அவன் நோக்கம் நிறைவேறிவிடும் என்பார் அவர். எனக்கென்னவோ இது பழத்துக்குப் பொருந்துகிறது, துருவத்துக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. இரண்டாம் தடவை அதையும் எழுதி வைத்தேன். ஓரத்தில் ஒரு சரிக்குறி விழுந்திருந்தது.