வாஷிங் மெஷினுக்கு நாலு வட்டி

ஜூன் 5-ஆம் தேதி 40,000 ரூபாய்க்கு வாஷிங் மெஷின் வாங்கினேன், கிரெடிட் கார்டில். 15-ஆம் தேதி ஸ்டேட்மென்ட் வந்தது. ஜூலை 5-க்குள் கட்ட வேண்டும், மினிமம் டியூ 2,000. அந்த மாதம் கை கடித்ததால் 2,000 மட்டும் கட்டினேன். மீதி 38,000-க்குத்தான் வட்டி, அதுவும் அன்றிலிருந்துதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 15 ஸ்டேட்மென்ட்டில் பாக்கி 40,197. கட்டிய பிறகு கடன் ஏறியிருந்தது! வங்கியின் தவறு என்றே நினைத்துக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

என் கார்டுக்கு மாத வட்டி 3.5 சதவீதம், வருடத்துக்கு 42. முழுத்தொகையைக் கட்டாததால் வட்டியில்லாக் காலம் ரத்தாகி, வாங்கிய நாளிலிருந்தே கணக்குப் போட்டிருந்தார்கள். முழு 40,000-க்கு ஜூன் 5 முதல் ஜூலை 4 வரை 30 நாளுக்கு 1,381. பிறகு 38,000-க்கு ஜூலை 15 வரை 11 நாளுக்கு 481. ஆக 1,862 வட்டி. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 335. மொத்தம் 2,197. காசு பிசகாமல் சரியாக இருந்தது, தவறு என்னுடையதுதான்.

சரி, இப்படியே 38,000-ஐச் சுமந்தால் மாதம் என்ன ஆகும்?

```
38000 × 0.035 × 1.18 = 1569
```

நூற்றுக்கு 4 ரூபாய் 13 காசு. எங்கள் ஊர் வழக்கில் சொன்னால் நாலு வட்டிக்கும் மேல். மூணு வட்டி என்றாலே அம்மா வாசலோடு அனுப்பிவிடுவார். ஸ்டேட்மென்ட்டில் 3.5 என்று மட்டும் இருப்பதால், ஜிஎஸ்டியைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை.

அந்த மாத மினிமம் டியூ 4,097. அசலில் 5 சதவீதமான 1,900-உடன் அந்த 2,197-ஐயும் சேர்த்திருந்தார்கள். அதையே கட்டினாலும் அசல் 1,900 தான் குறையும். இதற்கிடையில் கார்டைத் தேய்த்தால், பெட்ரோலுக்கே ஆனாலும், அன்றிலிருந்தே வட்டி ஓடும். கார்டை அலமாரியில் வைத்துவிட்டேன்.

அம்மாவின் சங்கிலியை வங்கியில் அடகு வைத்தேன். அங்கே ஒரு வட்டிக்கும் குறைவு. ஆகஸ்ட் 5-ஆம் தேதி 40,197-ஐ மொத்தமாகக் கட்டி, தலைமுழுகியாயிற்று என்று இருந்தேன். அடுத்த ஸ்டேட்மென்ட்டில் 1,032 ரூபாய்! கார்டைத் தொடவேயில்லையே என்று வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போடப் போய், அப்புறம் நாட்களை எண்ணினேன். ஜூலை 16 முதல் ஆகஸ்ட் 4 வரை 20 நாள். அதற்கான வட்டி 875, ஜிஎஸ்டி 157. முந்தைய ஸ்டேட்மென்ட் அச்சான பிறகு ஓடிய வட்டி அது. அதையும் கட்டியபின் வந்த பில்லில்தான் பூஜ்ஜியத்தைப் பார்த்தேன்.